எட்டு விநாடி விளக்கு

கல்யாண மண்டபங்களில் மணமேடைக்குப் பின்னால் பூத்திரை தொங்கிய இடத்தில் இப்போது பல ஊர்களில் எல்இடி திரை நிற்கிறது. வரவேற்பு நடக்கும் மூன்று நான்கு மணி நேரமும் அதில் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக யாரும் நான்கு மணி நேரப் படம் எடுப்பதில்லை. சில விநாடிகள் ஓடும் சின்ன வீடியோ ஒன்றைச் செய்து, முடிய முடிய அதையே மறுபடி ஓடவிடுவார்கள். அப்படி ஒரு திரைக்கு நான் செய்து கொடுத்தது ஒரு பித்தளைத் தூக்கு விளக்கு. பின்னால் கருங்கல் சுவர், மேலிருந்து நீளமாக இறங்கும் சங்கிலி, அதன் நுனியில் ஒற்றைச் சுடர். விளக்கு மெல்ல ஆட வேண்டும், சுடர் துடிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பத்து விநாடிக்குச் செய்தேன். என் கணினியில் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. மண்டபத்தில் தொடர்ந்து ஓடியபோதுதான் கோளாறு தெரிந்தது. பத்து விநாடிக்கு ஒரு முறை விளக்கு இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரே நொடியில் தாவியது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருந்த பேரனிடம், “பாருடா, இப்ப குதிக்கும்” என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் சரியாகக் குதித்தது.

அந்த விளக்கைச் சரிசெய்த கதையைச் சொன்னால், திரையில் பார்க்கும் ஆட்டமும் துடிப்பும் எப்படித் தாமாக நடக்கின்றன என்பதையும் சொன்னதாகிவிடும்.

அசையும் வரைகலை செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் மென்பொருள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருந்த கோசா என்ற சிறு நிறுவனம் 1993இல் வெளியிட்டது. பின்னர் அடோபியின் கைக்கு வந்தது. அதில் ஒரு படத்தை அசைக்கும் அடிப்படை வழி கீஃப்ரேம். இந்த நேரத்தில் இந்த இடத்தில் இரு, இரண்டு விநாடி கழித்து அந்த இடத்தில் இரு என்று இரண்டு குறிகள் வைத்தால் நடுவில் உள்ள அசைவை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். ஒரு எழுத்து பறந்து வந்து நிற்பதற்கு இது போதும். ஆனால் ஓயாமல் ஆடும் விளக்குக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறி வைக்க வேண்டும். துடிக்கும் சுடருக்கோ விநாடிக்கு ஐந்தாறு குறிகள் வேண்டும், அதுவும் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல். கையால் வைத்தால் பத்தாவது குறிக்குள் நம் கை ஒரு தாளத்துக்குப் பழகிவிடும், சுடர் இயந்திரம் போல் துடிக்கத் தொடங்கும்.

இதற்குத்தான் எக்ஸ்பிரஷன். 2001இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இது சேர்ந்தது. ஒரு லேயரின் சுழற்சி, அளவு, இடம் என எந்தப் பண்பின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்டாப்வாட்ச் படம் இருக்கும். ஆல்ட் விசையை, மேக் கணினியில் ஆப்ஷன் விசையை, அழுத்திக்கொண்டு அதைச் சொடுக்கினால் எழுதுவதற்கு ஒரு கட்டம் திறக்கும். அங்கே எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழிதான். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான வேலைக்கு ஒரு வரி போதும். எழுதி முடித்ததும் அந்தப் பண்பின் எண் சிவப்பாக மாறும். இனி அந்த எண்ணை நாம் நேராக வைப்பதில்லை, நாம் எழுதிய விதி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்கிட்டுத் தருகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

முதலில் ஆட்டம். விளக்கும் சங்கிலியும் ஒரே லேயரில் இருக்கின்றன. எந்த லேயரும் தன் ஆங்கர் பாயிண்டைச் சுற்றித்தான் சுழலும். படத்தை உள்ளே கொண்டுவரும்போது அது லேயரின் நடுவில் இருக்கும். அப்படியே சுழற்றினால் சங்கிலியின் மேல்முனையும் சேர்ந்து ஆடி, கொக்கியை விட்டுப் பிரிந்துவிடும். அதனால் ஆங்கர் பாயிண்டை முதலில் மேலே கொக்கி இருக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். பிறகு சுழற்சியில் இரண்டே கீஃப்ரேம்கள்: தொடக்கத்தில் கழித்தல் 4 பாகை, இரண்டாவது விநாடியில் கூட்டல் 4 பாகை. இரண்டையும் தேர்ந்து எஃப்9 விசையை அழுத்தினால் ஓரங்களில் வேகம் தணிந்து திரும்பும். கடைசியாக அந்தப் பண்பில் இந்த ஒரு வரி:

```
loopOut("pingpong")
```

கடைசிக் கீஃப்ரேமுக்குப் பிறகும் அசைவைத் தொடர் என்பது `loopOut`. எப்படித் தொடர்வது என்பதை அடைப்புக்குள் இருக்கும் சொல் சொல்கிறது. `"pingpong"` என்றால் வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி வரும், ஊஞ்சலைப் போல. `"cycle"` என்று எழுதினால் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். முதல் குறியும் கடைசிக் குறியும் ஒரே மதிப்பாக இருந்தால்தான் அது வெட்டில்லாமல் ஓடும். நம் விளக்குக்கு `"cycle"` போட்டால் ஒரு ஓரம் சேர்ந்ததும் சடாரென்று மறு ஓரத்தில் போய் நிற்கும். சுழலும் சக்கரத்துக்கு அதுதான் சரி: 0 பாகையும் 360 பாகையும் கண்ணுக்கு ஒன்றுதானே. ஆனால் சக்கரத்தின் குறிகளில் எஃப்9 போட்டுவிடக் கூடாது, ஒவ்வொரு சுற்றிலும் நின்று நின்று கிளம்பும்.

இந்த ஒரு வரியால் விளக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடும். போக 2 விநாடி, வர 2 விநாடி, ஒரு முழு ஆட்டத்துக்கு 4 விநாடி. இந்த 4 நான் கண்ணால் பார்த்து ஒப்பேற்றியதல்ல. தொங்கும் பொருள் ஆடும் நேரத்தை அதன் எடை தீர்மானிப்பதில்லை, தொங்கும் நீளம் தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் கயிற்றில் தொங்குவது போய்வர ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். நீளம் நான்கு மடங்கானால்தான் நேரம் இரு மடங்காகும். ஆக 4 விநாடி ஆட்டம் என்பது 4 மீட்டர் சங்கிலி, உயரமான கல்மண்டபத்தில் இருக்கக்கூடிய நீளம். அதே படத்தில் ஒரு விநாடியில் போய்வருமாறு வைத்தால் விளக்கு பொம்மையாகத் தெரியும். பார்ப்பவருக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பாட்டி கண்டுபிடித்த குதிப்புக்கு வருகிறேன். ஆட்டம் 4 விநாடி, வீடியோ 10 விநாடி. நான்கில் பத்து மிச்சமில்லாமல் அடங்காது. இரண்டு முழு ஆட்டங்கள் முடிந்து மூன்றாவது பாதியில் நிற்கும்போது, அதாவது விளக்கு கூட்டல் 4 பாகையில், மேலிருந்து தொங்குவதால் திரையில் இடது ஓரத்தில் இருக்கும்போது, வீடியோ முடிகிறது. மறுபடி தொடங்கும்போது கழித்தல் 4, வலது ஓரம். சங்கிலி திரையில் 700 பிக்சல் நீளம். 8 பாகை வித்தியாசம் என்றால் விளக்கு கிட்டத்தட்ட 98 பிக்சல் தாவியிருக்கிறது. எழுதிய வரியில் பிழையே இல்லை. அந்த வரி முடிவில்லாமல் ஆடச் சொன்னது. எங்கே வெட்ட வேண்டும் என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். வீடியோவை 8 விநாடியாகக் குறைத்தேன். இரண்டு முழு ஆட்டம், முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டன.

இதிலேயே இன்னொரு நுட்பம் உண்டு. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 8 விநாடிக்கு 200 ஃபிரேம்கள். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கடைசி ஃபிரேம் 199. விளக்கு தொடக்க நிலைக்குத் திரும்புவது 200ஆவது ஃபிரேமில். அது வீடியோவில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த சுற்றின் 0ஆவது ஃபிரேமே அதுதான். பலர் கடைசிக் கீஃப்ரேமைக் கண்ணுக்குத் தெரியும் கடைசி ஃபிரேமில், 199இல், வைத்துவிடுவார்கள். அப்போது ஒரே படம் அடுத்தடுத்து இரு முறை வரும். தாவல் இருக்காது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃபிரேம் நேரம் மூச்சு நின்றதுபோல் ஒரு தயக்கம். இரண்டு நோய்களுக்கும் அறிகுறி வேறு: குதித்தால் கணக்கு பொருந்தவில்லை, தயங்கினால் ஒரு ஃபிரேம் கூடிவிட்டது.

அடுத்து சுடர். இது தனி லேயர். விளக்கோடு சேர்ந்து நகர, விளக்கு லேயரை இதற்குப் பேரண்ட்டாக வைத்தேன். இதன் ஆங்கர் பாயிண்ட் திரியின் நுனியில் இருக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் சுடர் சுருங்கும் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதி திரியை விட்டு மேலே எழும்பி, அந்தரத்தில் எரியும்.

துடிப்புக்கு இருக்கும் கட்டளை `wiggle`. அளவுப் பண்பில் `wiggle(6, 8)` என்று எழுதினால், விநாடிக்கு ஆறு முறை என்ற கணக்கில், 8 அளவுக்குக் கூடக்குறைய அசை என்று பொருள். இரண்டாவது எண் அந்தப் பண்பின் சொந்த அளவில் எண்ணப்படும். இடத்தில் எழுதினால் 8 பிக்சல், சுழற்சியில் 8 பாகை, இங்கே 8 சதவீதம். இந்த அசைவு ஃபிரேமுக்கு ஃபிரேம் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தொடர்பற்றதல்ல. எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் போகும் வழி வழுவழுப்பாக இருக்கும். சுடர், கையில் பிடித்த கேமராவின் நடுக்கம், நீரில் மிதக்கும் இலை எல்லாம் அப்படித்தான் அசைகின்றன. அதனால்தான் இந்த ஒரு கட்டளை இத்தனை இடங்களில் பயன்படுகிறது.

முதல் எண்ணை ஏற்றிக்கொண்டே போக முடியாது. விநாடிக்கு 25 ஃபிரேம்தான் இருக்கிறது. ஒரு துடிப்பு ஏறவும் இறங்கவும் குறைந்தது இரண்டு ஃபிரேம் வேண்டும். 12ஐத் தாண்டினால் நடுவழிகள் எல்லாம் விழுங்கப்பட்டு வழுவழுப்பு போய்விடும், சுடர் மின்விளக்குக் கோளாறு மாதிரி வெட்டி வெட்டித் தெரியும். காற்றில்லாத இடத்துச் சுடருக்கு எனக்கு 5இலிருந்து 7 வரை பிடித்திருக்கிறது.

ஆனால் `wiggle(6, 8)` என்று மட்டும் எழுதியபோது சுடர் சரியாக இல்லை. அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் துடித்தன. சில நேரம் இரண்டும் சேர்ந்து பெருத்து, சுடர் நம்மை நோக்கி வருவதுபோல் இருந்தது. உண்மையான சுடர் நிமிரும்போது ஒல்லியாகும், குறுகும்போது பருக்கும். அதை அப்படியே எழுதலாம்:

```
var w = wiggle(6, 8);
var d = w[1] - value[1];
[value[0] - d/2, value[1] + d]
```

`value` என்பது நாம் முதலில் வைத்த அளவு, இங்கே அகலம் 100, உயரம் 100. கட்டத்தில் எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் `[0]` அகலம், `[1]` உயரம். `wiggle` தந்ததில் உயரம் எவ்வளவு மாறியது என்பதை `d`யில் எடுத்துக்கொள்கிறோம். கடைசி வரியில் அதை உயரத்தோடு கூட்டி, பாதியை அகலத்திலிருந்து கழிக்கிறோம். கடைசி வரியின் விடையைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சுடர் 8 நிமிர்ந்தால் 4 ஒல்லியாகும். இந்த மூன்று வரியை எழுதிய நிமிடத்தில் படத்தில் இருந்த சுடர் எண்ணெயில் எரியத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றியது.

சுவரில் விழும் மஞ்சள் ஒளி இன்னொரு லேயர். அதன் ஒளிபுகாமையிலும் ஒரு `wiggle` போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போட்டால் தப்பாகும். ஒவ்வொரு லேயருக்கும் ஒவ்வொரு பண்புக்கும் `wiggle` தனித்தனி வழியில் அசையும். ஒரே காட்சியில் பத்துச் சுடர்களை நகலெடுத்து வைக்கும்போது அது பெரிய உதவி, பத்தும் பத்து விதமாகத் துடிக்கும். ஆனால் சுடரும் அதன் ஒளியும் காரணமும் விளைவும். சுடர் தாழும்போது சுவர் பிரகாசமானால் கண் உடனே மறுக்கும். அதனால் ஒளி தானாக அசையாமல் சுடரைப் பார்த்து அசையும்படி எழுதினேன். சுடர் லேயரின் பெயர் `Sudar`:

```
var s = thisComp.layer("Sudar").transform.scale[1];
linear(s, 92, 108, 55, 85)
```

சுடரின் உயரம் 92இலிருந்து 108 வரை போகும்போது ஒளி 55இலிருந்து 85 வரை ஏறட்டும் என்பதே இது. `linear` அந்த எல்லைக்கு வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் சரி, வீடியோவும் 8 விநாடி. மறுபடி தொடர்ந்து ஓடவிட்டேன். விளக்கு அழகாக ஆடியது, சுடர் 8 விநாடிக்கு ஒரு முறை வெட்டியது. யோசித்தால் வியப்பில்லை. `wiggle`க்குச் சுற்று என்பதே கிடையாது. 0ஆவது விநாடியில் அது எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு 8ஆவது விநாடியில் வர வேண்டும் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. `loopOut`ஐ இதன்மேல் போடவும் முடியாது, அது கீஃப்ரேம்களை மட்டுமே திருப்பி ஓட்டும். இங்கே கீஃப்ரேமே இல்லை.

`wiggle`க்கு ஐந்தாவதாக ஒரு எண் கொடுக்கலாம் என்பது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அது நேரம். எந்த நேரத்து அசைவு வேண்டும் என்று நாமே கேட்கலாம், தொடக்கத்துக்கு முந்திய நேரத்தைக்கூட. ஆகவே இரண்டு அசைவுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று இப்போதைய நேரத்தது. மற்றது இதிலிருந்து 8 விநாடி முந்தையது. கடைசி ஒரு விநாடியில் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மெல்ல மாற வேண்டும்:

```
var w1 = wiggle(6, 8, 1, 0.5, time);
var w2 = wiggle(6, 8, 1, 0.5, time - 8);
var w = linear(time, 7, 8, w1, w2);
var d = w[1] - value[1];
[value[0] - d/2, value[1] + d]
```

நடுவில் உள்ள `1`, `0.5` இரண்டும் `wiggle` வழக்கமாகத் தானே எடுத்துக்கொள்ளும் மதிப்புகள். ஐந்தாவது இடத்துக்குப் போக அவற்றைச் சொல்லித்தான் கடக்க வேண்டும். ஏழாவது விநாடி வரை `w1` மட்டும் பேசுகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அதன் குரல் குறைந்து `w2`வின் குரல் ஏறுகிறது. எட்டாவது விநாடியில் `w2` மட்டும். அப்போது அது காட்டும் நேரம் எட்டில் எட்டு போக சுழியம், அதாவது தொடக்கத்தில் சுடர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலை. முனைகள் சேர்ந்துவிட்டன. சுவரின் ஒளியைத் தொடவே தேவையில்லை, சுடரைப் பார்த்து அசைவதால் அதுவும் சேர்ந்துகொண்டது.

மாற்றத்தை 8 விநாடி முழுக்கப் பரப்புவதுதான் பலர் செய்வது. எனக்கு அதில் விருப்பமில்லை. தொடர்பில்லாத இரண்டு அசைவுகளைச் சரிபாதி கலக்கும்போது அவை ஒன்றையொன்று கொஞ்சம் அணைத்துக்கொள்ளும், துடிப்பின் வீச்சு சராசரியாக 70 சதவீதத்துக்கு இறங்கும். முழுக்கப் பரப்பினால் நடுவில் பல விநாடிகள் சுடர் சோர்ந்து தெரியும். ஒரே விநாடியில் முடித்தால் அந்தச் சோர்வு காற்று ஒரு கணம் அடங்கியதுபோல் கடந்துவிடும். அதே நேரம், விநாடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக அசையும் பொருளுக்கு ஒரு விநாடி போதாது, மாறுவது தெரிந்துவிடும். அங்கே மாற்றத்தை நீட்டத்தான் வேண்டும்.

ஒரு சிறு திருத்தமும் செய்தேன். விளக்கு சாயும்போது சுடரும் கூடவே சாய்ந்தது. நெருப்பு அப்படிச் சாயாது, விளக்கு எப்படித் திரும்பினாலும் மேல்நோக்கித்தான் எரியும். சுடரின் சுழற்சியில் `value - parent.transform.rotation` என்று எழுதியதும் நிமிர்ந்துகொண்டது.

இந்த வரிகளை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் சில நேரம் வேலை செய்யாது. நேரான மேற்கோள் குறி வழியில் வளைந்த குறியாக மாறியிருக்கும். `loopOut` என்பதை `loopout` என்று எழுதினாலும் ஏற்காது, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. பிழை இருந்தால் திரைக்குக் கீழே மஞ்சள் பட்டை தோன்றி எந்த வரியில் என்று சொல்லும். முதலில் மேற்கோள் குறியைப் பாருங்கள்.

ரெண்டர் செய்த வீடியோவை இப்போதெல்லாம் அப்படியே கொடுத்துவிடுவதில்லை. புதிய கம்போசிஷன் ஒன்றில் அதையே இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து, சேரும் இடத்துக்குப் போய் பேஜ் டவுன் விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறேன். 198, 199, பிறகு 0, 1. நான்குக்கும் இடையில் விளக்கும் சுடரும் வழக்கமான அளவு மட்டும் நகர வேண்டும். ஒரு இடத்தில் நகரவே இல்லை என்றாலும் தப்பு, கூட நகர்ந்தாலும் தப்பு. விளக்கைத் தனியாகவும் சுடரைத் தனியாகவும் பார்க்க வேண்டும், ஒன்று சரியாக இருப்பது மற்றதை மறைத்துவிடும்.

அடுத்த மாதம் அதே வீடியோவை இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்டார்கள், பக்கத்தில் இன்னொரு சிறிய விளக்கும் வேண்டும் என்றார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் ஆடினால் கடிகாரக் கடை போலாகிவிடும். சின்ன விளக்கு 8 விநாடிக்குள் மூன்று முழு ஆட்டம் ஆடட்டும் என்று முடிவு செய்தேன். மூன்று முழு ஆட்டம் என்பதால் முடிவில் குதிக்காது. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு எட்டை மூன்றால் வகுத்த நேரம், போகும் வழிக்கு மட்டும் 33 ஃபிரேமும் மூன்றில் ஒரு பங்கும். அந்த மூன்றில் ஒரு பங்கில் கீஃப்ரேம் வைக்க இடமில்லை. 33இல் வைத்தால் எட்டு விநாடி முடிவில் இரண்டு ஃபிரேம் தள்ளிப்போகும். அதனால் சின்ன விளக்குக்குக் கீஃப்ரேமே வைக்கவில்லை. ஊசலின் அசைவைச் சைன் வளைவாகவே எழுதிவிட்டேன்:

```
3 * Math.sin(time * 2 * Math.PI * 3 / 8)
```

முதல் `3` எத்தனை பாகை சாய வேண்டும் என்பது. கடைசியில் உள்ள `3 / 8` எட்டு விநாடிக்கு மூன்று ஆட்டம். இது நடுவிலிருந்து புறப்படுகிறது, பெரிய விளக்கு ஓரத்திலிருந்து புறப்படுகிறது, அதனால் தொடக்கத்திலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை. சங்கிலியின் நீளத்தையும் கணக்குப் பார்த்தே வரைந்தேன். இரண்டு ஆட்டத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் நீளம் ஒன்பதுக்கு நான்கு. பெரிய விளக்கின் சங்கிலி 700 பிக்சல், சின்ன விளக்குக்கு 311.